விஜய்பாண்டியின் ஆறு வரிச் சீட்டு

என் தம்பி விஜய்பாண்டிக்கு வரும் ஆவணியில் நாற்பத்திரண்டு வயது முடிகிறது. கம்பத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள தெருவில் அச்சகம் வைத்திருக்கிறான். பெரிய அச்சகம் இல்லை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு சின்ன ஆப்செட் மிஷின், ஒரு ஜெராக்ஸ். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, திராட்சைப் பெட்டிக்கு ஒட்டும் லேபிள், தாலுகா ஆபீசுக்குக் கொடுக்கும் மனு, எல்லாம் அடிப்பான். அவன் அடித்ததைப் பிழை பார்ப்பது நான். எட்டாவது வரைதான் படித்தேன். ஆனால் பதினான்கு வருடமாகப் பார்த்ததில் பெயர் தப்பி வெளியே போன பத்திரிகை இரண்டே இரண்டுதான். அந்த இரண்டின் தேதியையும் எழுதி வைத்திருக்கிறேன்.

அவனைப் பற்றி எழுத ஒரு காரணம் இருக்கிறது. ஒரு சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தில் அவனைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். அது பொய். அந்தப் பொய்க்குக் கீழே அவனுடைய கையெழுத்தும் இருக்கிறது. நினைக்கும்போதெல்லாம் எனக்கு வாயில் கசப்பு ஊறுகிறது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் அவனுடைய ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். எல்லா அச்சகத்திலும் மாதிரித் தாள் காட்டுவார்கள். வந்தவர் படித்துப் பார்த்து, "சரி, அச்சிடலாம்" என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் மிஷின் ஓடும். மாப்பிள்ளை பெயர் தப்பிவிட்டது என்று பிறகு சண்டைக்கு வரக் கூடாது அல்லவா, அதற்காக. விஜய்பாண்டி இதற்கு மேல் ஒரு படி போவான். யார் விண்ணப்பிக்கலாம், யாருக்குக் கிடைக்கும் என்ற மாதிரி விதி உள்ள நோட்டீஸ் வந்தால், மாதிரித் தாளோடு இன்னொரு சீட்டும் நீட்டுவான். அதில் ஐந்தாறு வரி இருக்கும். ஒவ்வொரு வரியும் ஒரு ஆள். பெயர் இருக்காது. "இப்படிப்பட்ட ஒருவர் வந்தால் உண்டா, இல்லையா?" அவ்வளவுதான். வந்தவர் ஒவ்வொரு வரிக்கும் நேராக டிக் போட வேண்டும்.

இந்தப் பழக்கம் 2011-இல் வந்தது. ஒரு தனியார் பள்ளிக்கு ஆசிரியர் தேவை என்று நோட்டீஸ் அடித்தான். "பி.எஸ்சி. அல்லது எம்.எஸ்சி. மற்றும் பி.எட். படித்தவர்கள் வரவும்" என்று அவர்கள் எழுதிக் கொடுத்ததை அப்படியே அடித்துவிட்டான். கூடலூரிலிருந்து ஒரு பெண் பிள்ளை வந்தது. பி.எஸ்சி. மட்டும் படித்தது. பி.எட். என்பது எம்.எஸ்சி.க்காரர்களுக்கு மட்டும் என்று அது புரிந்துகொண்டிருக்கிறது. அப்படிப் படிக்கவும் இடம் இருந்தது. பள்ளியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நோட்டீசின் அடியில் எங்கள் அச்சகத்தின் பெயர் இருக்குமே, அதைப் பார்த்து நேராக எங்களிடம் வந்துவிட்டது. "இத அடிச்சது நீங்கதானே அண்ணே, இதுக்கு என்ன அர்த்தம்னு சொல்லுங்க" என்று கேட்டது. சண்டை போடவில்லை. அழவும் இல்லை. தம்பி அந்த நோட்டீசைத் திரும்பத் திரும்பப் படித்தான். அன்றைக்கு மத்தியானம் அவன் சாப்பிடவில்லை.

அதிலிருந்து ஒரே வாக்கியத்தில் "அல்லது"வும் "மற்றும்"மும் சேர்ந்து வந்தால் அவன் கை நின்றுவிடும். "அக்கா, இது எது வரைக்கும் போகுதுன்னு தெரியல" என்பான்.

போன வருடம் தை மாதம் அபுபக்கர் பாய் வந்தார். ஏலக்காய் வியாபாரி, நல்ல மனுஷர் என்று அதுவரை நினைத்திருந்தேன். தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்களுக்காக ஒரு நலச் சங்கம் இருக்கிறது, அதற்கு அவர் செயலாளர். தலைவர் சுருளியாண்டி. பன்னிரண்டு ஜீப் வைத்து ஓட்டுகிறவர். விடியற்காலையில் கம்பம் மெட்டு வழியாகக் கேரளாத் தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிப் போகிற ஜீப்புகளில் பாதி அவருடையவை. வெளியூரில் தொழில் செய்யும் ஒருவர் நிலமும் பணமும் கொடுத்து, தேவாரம் போகிற ரோட்டில் பன்னிரண்டு வீடு கட்டியிருந்தார்கள். அந்த வீடுகளுக்கு விண்ணப்பம் கேட்டு நோட்டீஸ் அடிக்க வேண்டும்.

பாய் கொண்டு வந்த தாளில் இருந்தது இது:

"ஏலத்தோட்டத்தில் ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் வேலை பார்த்த, கணவரை இழந்த அல்லது கணவரால் கைவிடப்பட்ட மற்றும் சொந்த வீடு இல்லாத பெண்கள் விண்ணப்பிக்கலாம். தகுதியுள்ளவர்களில் வேலை பார்த்த வருடங்கள் அதிகம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை."

தம்பி அதை இரண்டு தடவை படித்தான்.

"பாய், புருசன் செத்துப்போச்சு, ஆனா சொந்த வீடு இருக்கு. அந்தம்மாவுக்கு உண்டா?"

"அது எப்படி? வீடு இல்லாதவங்களுக்குத்தானேப்பா வீடு."

"உங்க தாள்ல அப்படி இல்லையே. புருசன இழந்தவுக ஒரு பக்கம், கைவிடப்பட்டு வீடும் இல்லாதவுக இன்னொரு பக்கம்னு படிக்கலாம். அப்படிப் பாத்தா கைம்பெண்ணுக்கு வீடு இருந்தாலும் உண்டு."

"நீ ஒருத்தன்தான்யா இப்படியெல்லாம் படிப்ப" என்று பாய் சிரித்தார். ஆனாலும் உட்கார்ந்தார். தம்பி ஆறு வரிச் சீட்டை எடுத்துக் கொடுத்தான். கணவரை இழந்தவர், வீடு இல்லை. கணவரை இழந்தவர், வீடு உண்டு. கைவிடப்பட்டவர், வீடு இல்லை. கைவிடப்பட்டவர், வீடு உண்டு. இந்த நான்கு பேரும் ஐந்து வருடம் வேலை பார்த்தவர்கள். ஐந்தாவது, கணவரோடு வாழ்கிறவர், ஐந்து வருட வேலை, வீடு இல்லை. ஆறாவது, கணவரை இழந்தவர், வீடும் இல்லை, ஆனால் வேலை பார்த்தது மூன்று வருடம்தான்.

பாய் முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் "உண்டு" என்று டிக் போட்டார். மற்ற நான்குக்கும் "இல்லை". ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. கையெழுத்தும் தேதியும் போட்டார். தை 14.

அதை வைத்துத் தம்பி வாக்கியத்தைப் பிரித்து எழுதினான். "கீழே உள்ள மூன்றும் ஒருவருக்கே இருக்க வேண்டும். ஒன்று, ஏலத்தோட்டத்தில் ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாத வேலை. இரண்டு, கணவரை இழந்தவராகவோ கணவரால் கைவிடப்பட்டவராகவோ இருத்தல். இரண்டில் எதுவானாலும் போதும். மூன்று, சொந்த வீடு இல்லாமை. இது இரு வகையினருக்கும் பொருந்தும்." படிக்கத் தெரிந்த யாரும் இதை இரண்டு விதமாகப் படிக்க முடியாது. நான் சத்தம் போட்டுப் படித்துப் பார்த்தேன். எங்கே மூச்சு விட்டாலும் ஒரே பொருள்தான் வந்தது.

பாய் அந்தத் தாளைச் சங்கத்தில் காட்ட எடுத்துப் போனார். சாயங்காலம் சுருளியாண்டி போனில் வந்தார். தம்பி ஸ்பீக்கரில் போட்டான்.

"ஏலே, எங்க வாசகத்த மாத்துறதுக்கு நீ யாரு? வக்கீலா?"

"மாத்தலைங்க. பாய் சொன்னதத்தான் பிரிச்சு எழுதியிருக்கேன்."

"பிரிக்கவும் வேணாம், சேக்கவும் வேணாம். கமிட்டி எழுதிக் கொடுத்ததுல ஒரு கமா மாறக் கூடாது. முன்னூறு நோட்டீஸ். நாளைக்கு வேணும். முடியாதுன்னா சொல்லு, கம்பத்துல வேற மிஷினே இல்லையா?"

தம்பி போனை வைத்துவிட்டு, பாய் கொண்டு வந்த தாளை ஓரமாகத் தள்ளினான். அடிக்க மாட்டேன் என்று சொல்லிவிடுவான் போலிருந்தது. நான்தான், "அடிச்சுக் குடுத்துருடா. அவுக நோட்டீஸ், அவுக பாடு" என்றேன். அது என் தப்பு. அதை மறைக்க மாட்டேன். மறுநாள் பாய் வந்து பழைய வாசகத்துக்கும் மாதிரித் தாளில் கையெழுத்துப் போட்டார். தம்பி முகத்தைப் பார்க்காமலே போட்டார். ஆறு வரிச் சீட்டைத் தம்பி வழக்கம்போல அதே கோப்பில் குத்தி வைத்தான்.

விண்ணப்பம் நாற்பத்தொன்று வந்தது. பாதிக்கு மேல் எங்கள் கடையில் எழுதியவை. அதில் ஒன்று முருகம்மாளுடையது. முருகம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். புருஷன் பதினொரு வருடத்துக்கு முன்னால் திருப்பூருக்குப் போய் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டான். பதினேழு வருடமாக ஏலக்காய் எடுக்கப் போகிறாள். குடியிருந்தது ஒரு மாட்டுக் கொட்டகையில். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. மாட்டை விற்ற பிறகு கொட்டகையை வாடகைக்கு விட்டிருந்தார்கள். அதையும் பங்குனிக்குள் காலி பண்ணச் சொல்லியிருந்தார்கள். இந்த வீடு கிடைக்காவிட்டால் அவளுக்குப் போக இடம் இல்லை.

மாசி 3-ஆம் தேதி பட்டியல் ஒட்டினார்கள். பன்னிரண்டு பெயர். முருகம்மாள் பதின்மூன்றாவது, காத்திருப்போர் என்று எழுதியிருந்தது. இரண்டாவதாக இருந்த பெயர் சொர்ணலதா. சுருளியாண்டியின் தம்பி சம்சாரம். கணவர் இறந்து நான்கு வருடமாகிறது. சொர்ணலதா தோட்டத்தில் கங்காணியாக இருபத்தொரு வருடம் இருந்தவர், அது உண்மைதான். ஆனால் கம்பத்தில் அந்தம்மா பெயரில் மாடி வீடு இருக்கிறது. கீழே இரண்டு கடை வாடகைக்கு விட்டிருக்கிறார்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அதே பட்டியலின் கீழே, தள்ளுபடியானவர்கள் என்று ஒரு தாள் இருந்தது. அதில் ரஃபியா என்ற பெண்ணின் பெயர். அவளும் கணவரை இழந்தவள். பத்தொன்பது வருட வேலை. ஒற்றை அறை ஹாலோபிளாக் வீடு அவள் பெயரில் இருக்கிறது. காரணம்: "சொந்த வீடு உள்ளதால் தகுதி இல்லை." இதே காரணத்துக்காக இன்னும் இரண்டு கைம்பெண்களும் தள்ளுபடி. வீடுள்ள கைம்பெண்கள் நான்கு பேர். மூன்று பேருக்கு வாக்கியத்தை ஒரு மாதிரியும், நான்காவது ஆளுக்கு வேறு மாதிரியும் படித்திருக்கிறார்கள். அதே நாளில், அதே மேஜையில். கமா கூட மாறக் கூடாது என்று சுருளியாண்டி ஏன் சொன்னார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த ஓட்டை அவருக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

முருகம்மாள் ஆட்சேபனை மனு எழுத வந்தாள். ஏழு நாளைக்குள் கொடுக்கலாம், கூட்டத்தில் கேட்போம் என்று நோட்டீசிலேயே போட்டிருந்தது.

"தம்பி, அந்த மாடி வீட்டம்மாவுக்கு எப்பிடி வந்துச்சுன்னு கேட்டா, விதியில இடமிருக்குங்கறாக. இருக்கா?"

"இருக்குக்கா" என்றான் தம்பி. "அதத்தான் சரி பண்ணலாம்னு பாத்தேன்."

கோப்பை எடுத்து ஆறு வரிச் சீட்டைப் பார்த்தான். அதைக் காட்டுவதில் அவனுக்கு ஒரு தயக்கம். வாடிக்கைக்காரர் கையெழுத்துப் போட்ட தாளைப் பிறருக்குக் காட்டுவது அச்சகத் தொழிலுக்கு அழகில்லை. அதனால் முதலில் பாயின் கடைக்கே போனான். நானும் போனேன். ஏலக்காய் மணம் மூக்கை அடைத்தது.

"அது சும்மா போட்ட டிக்குப்பா" என்றார் பாய்.

"சும்மா போட்டதுனாலதான் பாய் அது உண்மை. அப்ப உங்க மனசுல யாரு பேரும் இல்ல."

பாய் தராசைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "சுருளியாண்டிய உனக்குத் தெரியாது. தோட்டத்துக்காரங்க எல்லாரும் அவர் பேச்சைத்தான் கேப்பாங்க. நாளைக்கு எனக்குச் சரக்கு வரணும்ல."

"முருகம்மா அக்கா வர்ற மாசம் எங்கன போயிப் படுக்கும் பாய்?"

பாய் தராசின் இன்னொரு தட்டை எடுத்துத் துடைத்தார். எனக்குத் தலைவர் மேல் வந்த அருவருப்பைவிட அதிகமாகப் பாய் மேல் வந்தது. அயோக்கியன் அயோக்கியனாக இருப்பதில் என்ன ஆச்சரியம்? சரி எது என்று தெரிந்து, கையெழுத்தும் போட்டுவிட்டு, தராசைத் துடைக்கிறாரே!

மாசி 10, ஞாயிற்றுக்கிழமை, சங்கக் கட்டிடத்தில் கூட்டம். தோட்டம் லீவு என்பதால் அறுபது எழுபது பெண்கள் வந்திருந்தார்கள். முருகம்மாளின் மனுவைத் தம்பியே வாசித்தான், அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சுருளியாண்டி சாய்ந்து உட்கார்ந்து கேட்டார்.

"தம்பி, நீ அடிச்ச நோட்டீஸ்தானே? நீயே படி. கைம்பெண்ணுக்கு வீடு இருக்கக் கூடாதுன்னு எங்க இருக்கு? கைவிடப்பட்டவுகளுக்குத்தான் அது. இப்படியும் படிக்கலாம், அப்படியும் படிக்கலாம். ரெண்டு விதமாப் படிக்க இடமிருந்தா கமிட்டி முடிவுதான் முடிவு."

"சரிங்க. ரெண்டு விதமாவும் படிக்கலாம்" என்றான் தம்பி. "எந்த விதம்னு நீங்களே சொல்லுங்க, ஒத்துக்கிறோம். ஆனா ஏதாச்சும் ஒரு விதம். ஆளுக்கு ஒரு விதம் கிடையாது."

"என்னய்யா ஆளுக்கு ஒரு விதம்?"

தம்பி தள்ளுபடித் தாளைக் கையில் எடுத்தான். வாசிப்பதற்கு முன்னாலேயே பின்னால் இருந்து ரஃபியா எழுந்தாள். மெலிந்த பெண், ஆனால் குரல் கணீரென்று வந்தது.

"தலைவரே, நானும் புருசன் இல்லாதவதான். எனக்கும் வீடு இருக்கு. ஆடு ரெண்டு உள்ள வந்தா நான் வெளிய நிக்கணும், அந்த மாதிரி வீடு. என்னைய எப்படிப் படிச்சீக, அந்தம்மாவ எப்படிப் படிச்சீக?"

கூட்டத்தில் ஒருத்தி, "மாடி வச்சுப் படிச்சாக ஆத்தா!" என்றாள். சிரிப்பு கிளம்பியது. சொர்ணலதா முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார். சுருளியாண்டி மேஜையைத் தட்டினார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். சுருளியாண்டி சொன்ன விதம்தான் விதி என்று முடிவானால் ரஃபியாவுக்கு வீடு கிடைக்கும். மற்ற இரண்டு பேருக்கும் கிடைக்கும், அவர்களுக்கும் முருகம்மாளைவிட வருடம் அதிகம். முருகம்மாள் பதினாறாவது இடத்துக்குப் போய்விடுவாள். தம்பிக்கு அது தெரியும். தெரிந்தேதான் "எந்த விதம்" என்று கேட்டான். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். சீட்டு அவன் சட்டைப் பையில் இருந்தது. அவன் அதை எடுக்கவில்லை. பாயைப் பார்த்தான். அவ்வளவுதான்.

பாய் எழுந்து நிற்க எவ்வளவு நேரம் ஆனது என்று சரியாகச் சொல்ல முடியும். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று இருபது ஆனபோது தம்பி அவரைப் பார்த்தான். பதினொன்று இருபத்து நான்கில் அவர் எழுந்தார்.

"நோட்டீஸ் கொடுக்கப் போனப்போ தம்பி என்கிட்ட கேட்டாரு. கைம்பெண்ணுக்கு வீடு இருந்தா உண்டா, இல்லையான்னு. இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வீடு கொடுத்தவரும் நம்மகிட்ட அப்படித்தான் சொன்னாரு. வீடு இல்லாதவங்களுக்குன்னு."

அதற்குப் பிறகு அரை மணி நேரம் கமிட்டிக்காரர்கள் உள்ளறையில் பேசினார்கள். வெளியே வந்து சொர்ணலதா பெயரை நீக்கியதாக அறிவித்தார்கள். முருகம்மாள் பன்னிரண்டாவது. ரஃபியாவின் தள்ளுபடி அப்படியே இருந்தது. விதி தெளிவானதும் அவளுக்குக் கதவு ஒழுங்காகவே சாத்திக்கொண்டது. அவள் தம்பியிடம் வந்து, "பரவாயில்லண்ணே. இப்பத்தான் ஒரே மாதிரி சொல்லியிருக்காக" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் பெருந்தன்மை எங்களுக்குச் சுகமாக இல்லை. ஒற்றை அறை வீடும் மாடி வீடும் ஒரே "சொந்த வீடு"தானா என்பது வேறு கேள்வி. அதை விதி எழுதும்போதே கேட்டிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. தம்பியின் ஆறு வரியிலும் அது இல்லை.

மூன்றாம் நாள் தம்பியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். தீர்மானப் புத்தகம் மேஜையில் விரித்து இருந்தது. சுருளியாண்டி விரலால் காட்டினார். "அச்சகத்தாரின் கவனக்குறைவால் விதியின் வாசகம் தெளிவில்லாமல் அச்சிடப்பட்டதால் பட்டியலில் ஏற்பட்ட தவறு, கமிட்டியாரின் முயற்சியால் சரிசெய்யப்பட்டது." கீழே, "மேற்படி பிழையை ஒப்புக்கொள்கிறேன்" என்று எழுதி, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"போடு" என்றார். "வீடு கொடுத்தவருக்குக் கணக்குச் சொல்லணும். நீ போட்டாத்தான் தீர்மானம் முடியும். முடிஞ்சாத்தான் ஒதுக்கீட்டுக் கடிதம் போகும். இல்லேன்னா எல்லாத்தையும் நிறுத்தி வச்சு, அடுத்த வருசம் புதுசா நோட்டீஸ் போட வேண்டியதுதான்."

"டேய், போடாத" என்றேன். நான் அந்த அறையில் சத்தமாகப் பேசிய ஒரே வார்த்தை அதுதான். ஒரு கமாவைக்கூட மாற்றவிடாமல் தடுத்தவர், அந்தக் கமாவைப் பற்றிக் குறை சொல்லி எங்கள் பெயரை எழுதி வைத்திருக்கிறார். அதை எழுதிய கையோ அபுபக்கர் பாயினுடையது! கூட்டத்தில் எழுந்து நின்று உண்மை பேசிய அதே மனுஷர், மூன்றே நாளில் இதை எழுதியிருக்கிறார். அவர் அந்த அறையில்தான் இருந்தார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பி தீர்மானத்தை முழுக்கப் படித்தான். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னான், "அக்கா, பங்குனி பிறக்க இன்னும் பதினேழு நாள்தான் இருக்கு. முருகம்மா அக்கா எங்கன போகும்?"

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போடும் முன் சுருளியாண்டியிடம் ஒன்று மட்டும் கேட்டான். "ஒதுக்கீட்டுக் கடிதத்த நான்தான் அடிப்பேன். வாசகம் நான் எழுதுறதுதான். காசு வேணாம்." அவர் தோளைக் குலுக்கினார். தம்பி போட்டான். தெளிவாக, முழுப் பெயரையும்.

அன்று இரவே பன்னிரண்டு கடிதத்தையும் அடித்தோம். நான் ஒவ்வொன்றையும் மூன்று தடவை பிழை பார்த்தேன். சங்கம் கொடுத்த பழைய படிவத்தில், "வேலையை விட்டாலோ வாடகைக்கு விட்டாலோ மற்றும் மறுமணம் செய்தாலோ வீடு திரும்பப் பெறப்படும்" என்று இருந்தது. ஒவ்வொன்றும் தனித்தனியாகவா, எல்லாம் சேர்ந்தா என்று என்னிடம் கேட்டுவிட்டு, தம்பி அதை நீக்கினான். ஒதுக்கீடு பெறுகிறவர் வீட்டை வாடகைக்கு விடக் கூடாது என்ற ஒன்றை மட்டும் வைத்தான். கையெழுத்துக்குக் கொண்டுபோனபோது, மறுமணத்தை ஏன் எடுத்தாய் என்று சுருளியாண்டி கேட்டாராம். "நிலம் கொடுத்தவர் பத்திரத்துல அது இல்லைங்க" என்றானாம். அவர் மேற்கொண்டு படிக்காமலே கையெழுத்துப் போட்டாராம்.

முருகம்மாள் மாசி 24-ஆம் தேதி குடியேறினாள். ஒரு தகரப் பெட்டி, இரண்டு குடம், ஒரு கோரைப்பாய். கடிதத்தைக் கொண்டு வந்து தம்பியிடம் நீட்டி, "இன்னொரு தடவ வாசிப்பா" என்றாள். அவன் வாசித்தான். "இத வச்சு நாளைக்கு யாரும் வந்து வேற மாதிரி சொல்ல முடியாதுல்ல?"

"முடியாதுக்கா."

அவள் அதை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

தம்பி அதற்குப் பிறகு இதைப் பற்றிப் பேசுவதில்லை. நான் பேசுவேன். தீர்மானப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தை அன்றே போனில் படம் எடுத்துவிட்டேன். ஆறு வரிச் சீட்டும் தை 14 தேதியோடு என்னிடம் இருக்கிறது. சங்கத்தில் இருந்து இந்த வருட ஆண்டறிக்கை அடிக்கக் கேட்டு வந்தார்கள், அபுபக்கர் பாய்தான் வந்தார். மிஷின் பழுது என்று சொன்னேன். மிஷின் அவருக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.